மூன்று நிதியாண்டுகளின் வட்டி: வரி அறிவிப்புக்குப் பதில் எழுத வங்கியிடம் கேட்க வேண்டிய காகிதங்கள்

வருமான வரித்துறையிடமிருந்து பல ஆண்டுகளைக் குறித்து அறிவிப்பு வந்தவுடன் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம், வங்கிக் கிளைக்குப் போய் மூன்று வருடத்து ஸ்டேட்மென்ட் கேட்பது. கிளையின் வைப்புப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் கோரிக்கையைச் சொன்னபடியே நிறைவேற்றினால் கையில் கிடைப்பது சேமிப்புக் கணக்கின் ஐம்பது அறுபது பக்கங்கள்தான். அறிவிப்பில் கேட்கப்பட்ட தொகை பல நேரங்களில் அந்தப் பக்கங்களில் எங்குமே இருக்காது. காரணம் எளிது. முதிர்வில் மொத்தமாக வட்டி தரும் எஃப்.டி.யில் ஆண்டுதோறும் சேரும் வட்டி சேமிப்புக் கணக்குக்கு வருவதேயில்லை, அது எஃப்.டி.யின் சொந்தக் கணக்கிலேயே அசலோடு சேர்ந்துகொண்டு போகிறது. துறைக்கு அந்த வட்டி தெரியும், ஏனென்றால் வங்கியே அதைத் தெரிவித்திருக்கிறது. வாடிக்கையாளருக்குத்தான் தெரியாது.

என் பெரியம்மாவுக்குச் சென்ற ஆண்டு வந்த அறிவிப்புகள் இந்த வகையைச் சேர்ந்தவை. அவர் ஓய்வூதியம் பெறுபவர். வருடா வருடம் கணக்கு தாக்கல் செய்பவர். 2021 ஜனவரி 1ஆம் தேதி பத்து லட்சம் ரூபாயை 6 சதவீத வட்டிக்கு மூன்று ஆண்டு எஃப்.டி.யாகப் போட்டிருந்தார். வட்டி காலாண்டுக்கு ஒருமுறை அசலோடு சேரும். 2024 ஜனவரி 1ஆம் தேதி அது முதிர்ந்து 11,95,618 ரூபாயாக அவருடைய சேமிப்புக் கணக்கில் வரவானது. அந்த நிதியாண்டின் கணக்கில் மொத்த வட்டி 1,95,618 ரூபாயையும் காட்டி வரியும் கட்டிவிட்டார். அதோடு விஷயம் முடிந்தது என்றே நினைத்திருந்தார். பிறகு, பழைய ஆண்டின் கணக்கை மறுமதிப்பீட்டுக்கு எடுக்கலாமா என்று முடிவுசெய்யும் முன் விளக்கம் கேட்கும் 148ஏ பிரிவின் கீழ் தனித்தனியாக மூன்று அறிவிப்புகள் வந்தன. முதல் இரண்டும், அந்தந்த ஆண்டில் வங்கி தெரிவித்த எஃப்.டி. வட்டி கணக்கில் காட்டப்படவில்லை என்றன. மூன்றாவது, சேமிப்புக் கணக்கில் வந்த பெருந்தொகையின் மூலம் என்ன என்று கேட்டது.

வங்கிக்குப் போகும் முன் அறிவிப்பில் பார்க்க வேண்டிய முதல் விஷயம் ஆண்டு. அறிவிப்பு மதிப்பீட்டு ஆண்டைச் சொல்லும். வங்கி நிதியாண்டில் கணக்கு வைத்திருக்கும். மதிப்பீட்டு ஆண்டு 2022-23 என்றால் வருமானம் ஈட்டிய ஆண்டு 2021 ஏப்ரல் 1 முதல் 2022 மார்ச் 31 வரை. கவுன்ட்டரில் நின்றுகொண்டு ‘22-23க்கு வட்டிச் சான்றிதழ் வேண்டும்’ என்று வாயால் கேட்டால், ஊழியர் 2022 ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டைத்தான் கணினியில் தட்டுவார். அவர்மேல் தவறில்லை. இப்படி ஓர் ஆண்டு தள்ளிப்போன சான்றிதழ்களை வைத்துக்கொண்டு, தொகை ஒத்துப்போகவில்லையே என்று வாரக்கணக்கில் குழம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் கடிதத்தில் ஆண்டின் பெயரை எழுதவே எழுதாமல், தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் மட்டும் எழுதுவது நல்லது. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டம் மதிப்பீட்டு ஆண்டு என்ற ஏற்பாட்டையே கைவிட்டிருந்தாலும், பழைய ஆண்டுகளுக்கான அறிவிப்புகளில் அது இன்னும் வந்துகொண்டுதான் இருக்கும்.

அடுத்து, துறையிடம் என்ன தகவல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வருமான வரி இணையதளத்தில் அந்தந்த ஆண்டில் டி.டி.எஸ். ஆக, அதாவது மூலத்திலேயே, பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ், ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏ.ஐ.எஸ். ஆகிய இரண்டையும் இறக்கிக்கொண்டால், எந்த வங்கி, எந்த டி.டி.எஸ். எண்ணின் கீழ், எவ்வளவு வட்டியைத் தெரிவித்தது என்பது தெரிந்துவிடும். ஏ.ஐ.எஸ். படிக்கும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். ஒரே வட்டி டி.டி.எஸ். பகுதியில் ஒருமுறையும், வங்கிகள் நிதிப் பரிவர்த்தனைகளைத் தெரிவிக்கும் பகுதியில் இன்னொரு முறையும் வரக்கூடும். இரண்டையும் கூட்டிவிட்டால் இல்லாத வருமானம் முளைத்துவிடும். அப்படிக் கூட்டப்பட்டிருக்கிறதா என்பதை, எஃப்.டி. எண் வாரியாகத் தொகை காட்டும் வட்டிச் சான்றிதழ் ஒன்றால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

பெரியம்மாவின் 26ஏஎஸ்-இல் 2021-22 நிதியாண்டுக்கு நான்கு வரிகள் இருந்தன. முழு ரூபாயாக்கிச் சொன்னால் 15,225, 15,453, 15,685, 15,920. பைசாக்களையும் சேர்த்து மொத்தம் 62,284 ரூபாய் வட்டி என்றும், அதில் சுமார் 6,230 ரூபாய் வரி பிடித்தம் என்றும் அவை காட்டின. அடுத்த ஆண்டுக்கு 66,106 ரூபாய். பிடித்தம் சுமார் 6,610. கடைசி ஆண்டின் ஒன்பது மாதங்களுக்கு 52,228 ரூபாய். பிடித்தம் சுமார் 5,220. இந்த வட்டித் தொகைகளில் ஒன்றுகூட அவருடைய சேமிப்புக் கணக்கு அறிக்கையில் இல்லை. டி.டி.எஸ். தொகை மட்டும் காலாண்டுக்கு ஒருமுறை சிறு பற்றாக வந்திருந்தது, ஏனென்றால் பிடித்தத்தைச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி எஃப்.டி. போட்டபோதே ஏற்பாடு செய்திருந்தார். அந்தப் பற்றுகளைக் கட்டணம் என்று எண்ணிக் கடந்துவிட்டார்.

கையில் வராத வட்டிக்கு வங்கி ஏன் வரி பிடிக்கிறது என்ற கேள்வி இங்கே வரும். அந்த ஆண்டுகளுக்குப் பொருந்தும் பழைய வருமான வரிச் சட்டத்தின் 194ஏ பிரிவு, வட்டியை வாடிக்கையாளர் கணக்கில் வரவு வைத்தாலும், ‘செலுத்த வேண்டிய வட்டி’ போன்ற இடைக் கணக்கு ஒன்றில் வரவு வைத்தாலும், இரண்டையும் ஒன்றாகவே கருதுகிறது. ஆகவே வங்கி, சேர்ந்த வட்டியை அந்தந்த ஆண்டிலேயே துறைக்குத் தெரிவித்து, வரம்பைத் தாண்டினால் வரியும் பிடித்துவிடும். மூத்த குடிமக்களுக்கு அந்த ஆண்டுகளில் வரம்பு 50,000 ரூபாய். முதல் மூன்று மாதங்களில், அதாவது 2021 மார்ச் வரை சேர்ந்த 15,000 ரூபாய் வரம்புக்குள் இருந்ததால் அதற்குப் பிடித்தமும் இல்லை, 26ஏஎஸ்-இல் பதிவும் இல்லை. இந்த 15,000 எங்கே போயிற்று என்பதைப் பதில் எழுதும்போது சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் துறையின் மூன்று ஆண்டுக் கூட்டலான 1,80,618 ரூபாயும், அவர் காட்டிய 1,95,618 ரூபாயும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பது யாருக்கும் விளங்காது.

இவ்வளவும் தெரிந்தபிறகுதான் வங்கிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தோம். நாங்கள் எழுதியதன் மையப் பகுதி இது:

“என் வாடிக்கையாளர் எண்ணின் கீழ் உள்ள, மற்றும் முடிக்கப்பட்ட, அனைத்து வைப்புகளுக்கும் 1-4-2020 முதல் 31-3-2024 வரையிலான நான்கு நிதியாண்டுகளுக்கு, ஆண்டு வாரியாகவும் வைப்பு எண் வாரியாகவும், சேர்ந்த வட்டியையும் உண்மையில் வழங்கப்பட்ட வட்டியையும் தனித்தனியே காட்டும் வட்டிச் சான்றிதழ் தேவை. முடிக்கப்பட்ட வைப்பின் தொடக்கம் முதல் முடிவு வரையிலான கணக்கு அறிக்கையும், என் சேமிப்புக் கணக்கின் அதே காலத்து அறிக்கையும், பிடித்தம் செய்த வரிக்குரிய படிவம் 16ஏ சான்றிதழ்களும் கிளையின் முத்திரையுடனும் அதிகாரியின் கையொப்பத்துடனும் தேவை.”

இதில் ‘மற்றும் முடிக்கப்பட்ட’ என்ற சொற்கள் அலங்காரத்துக்காக வந்தவை அல்ல. கிளையில் வட்டிச் சான்றிதழ் எடுக்கும்போது கணினி பெரும்பாலும் இன்று உயிரோடு உள்ள கணக்குகளைத்தான் முதலில் எடுத்துக் காட்டும். முதிர்ந்து முடிந்த எஃப்.டி.யைத் தனியாக எண் கொடுத்துத் தேட வேண்டியிருக்கும். முதிர்ந்த தொகையை மறுபடியும் எஃப்.டி.யாகப் போட்டால் பல வங்கிகளில் புது எண் விழும். பழைய எண் முடிந்த கணக்குகளின் வரிசைக்குப் போய்விடும். வாடிக்கையாளருக்கு அது ஒரே எஃப்.டி. மாதிரி தோன்றும், கணினிக்கு இரண்டு.

கடிதத்தில் அவ்வளவு தெளிவாக எழுதியும், முதலில் வந்த சான்றிதழ் அப்படித்தான் இருந்தது. 2021-22 நிதியாண்டுக்குச் சேமிப்புக் கணக்கு வட்டி சில ஆயிரம் ரூபாய், வைப்பு வட்டி பூஜ்யம். முத்திரை அழகாக இருந்தது, கையொப்பம் இருந்தது. பெரியம்மாவுக்கு மகிழ்ச்சி. ‘பாரு, வங்கியே வட்டி இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க, இதை அனுப்பிடலாம்ப்பா’ என்றார். அனுப்பியிருந்தால் பெரிய சிக்கலாகியிருக்கும். அதே வங்கி அதே ஆண்டுக்கு 62,284 ரூபாய் வட்டி என்று துறையிடம் தெரிவித்து, அதற்கு வரியும் பிடித்துக் கட்டியிருக்கிறது. வங்கி துறைக்குச் சொன்னதையும் வங்கி வாடிக்கையாளருக்குத் தந்ததையும் அதிகாரி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எதை நம்புவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

சான்றிதழ் சரியா என்பதைக் கவுன்ட்டரிலேயே நின்று சரிபார்க்க ஒரே வழி, 26ஏஎஸ் நகலைக் கையில் எடுத்துப் போவது. அதன் ‘வழங்கிய அல்லது வரவு வைத்த தொகை’ என்ற பத்தியின் ஆண்டுக் கூட்டல் சான்றிதழின் சேர்ந்த வட்டியோடு ஒத்துப்போக வேண்டும். சான்றிதழில் குறைவாக இருந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு வைப்பு விடுபட்டிருக்கும், அல்லது அதே ஆளுக்கு இரண்டு வாடிக்கையாளர் எண்கள் இருந்து ஒன்றை மட்டும் பார்த்திருப்பார்கள். சான்றிதழில் அதிகமாக இருந்தால் பதற வேண்டியதில்லை. சேமிப்புக் கணக்கு வட்டிக்கு டி.டி.எஸ். கிடையாது என்பதால் அது 26ஏஎஸ்-இன் அந்தப் பகுதியில் வராது. இருவர் பெயரில் உள்ள எஃப்.டி.யாக இருந்தால், வங்கி வட்டியை முதல் பெயர்காரரின் பான் எண்ணின் கீழ்தான் தெரிவிக்கும். இரண்டாவது பெயர்காரர் தனக்குச் சான்றிதழ் கேட்டால் வெறும் காகிதம்தான் வரும்.

அன்று கிளையில் இருந்த இளம் அதிகாரியிடம் 26ஏஎஸ் நகலையும் பழைய எஃப்.டி. ரசீதின் நகலையும் காட்டினோம். ரசீதின் எண்ணைத் தட்டியவுடன் முடிந்த கணக்கு திரையில் வந்துவிட்டது. சேர்ந்த வட்டியைக் காட்டும் சான்றிதழ் வேறொரு பட்டியலிலிருந்து வர வேண்டும் என்றும், கணினியிலிருந்து தானாக வருவது வழங்கிய வட்டியை மட்டும் காட்டும் என்றும் சொன்னார். வங்கிக்கு வங்கி இது மாறும். சில வங்கிகளின் சான்றிதழ் சேர்ந்த வட்டியைக் காட்டும், சில வழங்கியதைக் காட்டும், சில இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகத் தந்து, அது எது என்று சொல்லாமலே விட்டுவிடும். மூன்றாவது வகைதான் மோசமானது. அந்த வகைச் சான்றிதழ் கையில் வந்தால், எந்த அடிப்படையில் கணக்கிட்டது என்று ஒரு வரி எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆனால் உண்மையில் எங்களுக்குக் கைகொடுத்தது சான்றிதழைவிட எஃப்.டி.யின் கணக்கு அறிக்கைதான். எஃப்.டி.க்கும் ஒரு லெட்ஜர் உண்டு என்பது பலருக்குத் தெரியாது, யாரும் அதைக் கேட்பதுமில்லை. ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும் அது. முதல் வரியில் 1-1-2021 அன்று சேமிப்புக் கணக்கிலிருந்து வந்த பத்து லட்சம். பிறகு காலாண்டுக்கு ஒரு வட்டி வரவு, மொத்தம் பன்னிரண்டு. கடைசி வரியில் 1-1-2024 அன்று 11,95,618 ரூபாய் சேமிப்புக் கணக்குக்கு மாற்றம். துறை கேட்ட மூன்று கேள்விகளுக்கும் இந்த ஒரு பக்கத்திலேயே விடை இருந்தது. 62,284 எப்படி வந்தது, 66,106 எப்படி வந்தது, சேமிப்புக் கணக்கில் வந்த பெருந்தொகையில் எவ்வளவு அசல், எவ்வளவு வட்டி என்பதெல்லாம் வரிக்கு வரி தெரிந்தது. முதலில் சேர்ந்த அந்த 15,000 ரூபாயும் 31-3-2021 தேதியிட்ட வரியாக அங்கேயே இருந்தது.

சேமிப்புக் கணக்கு அறிக்கை இதற்குத் துணையாக வருவது. அதை முழுவதுமாக இணைக்க வேண்டியிருந்தாலும், பதிலில் சுட்ட வேண்டியவை இரண்டே வரிகள்: பத்து லட்சம் வெளியே போன நாள், 11,95,618 உள்ளே வந்த நாள். இங்கேதான் எத்தனை ஆண்டுகளுக்கு அறிக்கை கேட்பது என்ற கேள்விக்கு விடை கிடைக்கிறது. அறிவிப்பு 2021 ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுகளைப் பற்றியது, ஆனால் எஃப்.டி. போட்ட நாள் அதற்கு மூன்று மாதம் முந்தியது. அறிவிப்பில் உள்ள ஆண்டுகளுக்கு மட்டும் அறிக்கை வாங்கியிருந்தால், பணம் எங்கிருந்து போயிற்று என்ற வரி வெளியே நின்றிருக்கும். அதனால்தான் கடிதத்தில் ஓர் ஆண்டு முன்தள்ளி 2020 ஏப்ரலிலிருந்து கேட்டோம்.

அறிக்கையை வாங்கும்போது அதன் வடிவத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஆண்டின் அறிக்கையும் முந்தைய ஆண்டின் இறுதி இருப்பில் தொடங்குகிறதா, நடுவில் ஏதேனும் மாதம் விடுபட்டிருக்கிறதா, விவரப் பத்தி பாதியில் வெட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. பாஸ்புக் நகலை அனுப்பிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பாஸ்புக்கை வெகுநாள் பதியாமல் வைத்திருந்தால் சில வங்கிகளின் இயந்திரங்கள் பழைய பதிவுகளைக் கூட்டி ஒரே வரியாக அடித்துவிடும். நமக்கு வேண்டிய வரி அந்தக் கூட்டலுக்குள் மறைந்துபோகும். மின்னஞ்சலில் வரும் அறிக்கை கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பி.டி.எஃப். ஆக இருக்கும். பூட்டை எடுத்துவிட்டுத் திறந்த கோப்பாகத்தான் துறையின் தளத்தில் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் அந்தப் பக்கத்தில் உள்ளவருக்கு அது திறக்காது.

முத்திரையும் கையொப்பமும் எதற்கு என்று கிளையில் கேட்பார்கள். கணினியில் எடுத்தது, கையொப்பம் தேவையில்லை என்று அடியில் அச்சாகியிருக்கிறதே என்பார்கள். நடைமுறையில் துறை அதையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனாலும் தொகை தகராறாகி மேல்முறையீட்டுக்குப் போகக்கூடிய விஷயமாக இருந்தால், 1891ஆம் ஆண்டின் வங்கியாளர் ஏடுகள் சான்றுச் சட்டப்படி சான்றளித்த நகலாகக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. அந்தச் சட்டத்தின் பெயரைக் கடிதத்தில் எழுதினால், கிளை மேலாளருக்கு எந்தச் சான்றுரையைச் சேர்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

பழைய ஆண்டுகளுக்கு இணைய வங்கியில் கிடைப்பது குறைவு. வட்டிச் சான்றிதழ் பல வங்கிகளில் நடப்பு ஆண்டுக்கும் அதற்கு முந்தைய ஆண்டுக்கும்தான் திரையில் வரும். மற்றவற்றுக்குக் கிளைதான் கதி. கிளையில் ‘அவ்வளவு பழசு எங்களிடம் இல்லை’ என்ற பதில் வந்தால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. பணமோசடித் தடுப்புச் சட்டம் பரிவர்த்தனைப் பதிவுகளை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. வங்கிப் பதிவேடுகளைப் பாதுகாக்கும் காலம் பற்றிய 1985ஆம் ஆண்டு விதிகள் சில ஏடுகளுக்கு ஐந்து ஆண்டுகளும் வேறு சிலவற்றுக்கு எட்டு ஆண்டுகளும் சொல்கின்றன. கிளையின் திரையில் வராதது மையக் கணினியின் காப்பகத்தில் இருக்கும். அதைக் கேட்டு எடுக்க நாளாகும் என்பதுதான் அந்தப் பதிலின் உண்மையான பொருள். உண்மையிலேயே இல்லையென்றால், இல்லை என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். அந்தக் கடிதமும் பதிலோடு இணைக்கக்கூடிய ஆவணமே.

எங்களுக்கு இன்னொரு பழைய காகிதமும் தேவைப்பட்டது. அந்தப் பத்து லட்சம் பெரியம்மாவின் சேமிப்புக் கணக்குக்கு 2020 டிசம்பர் இறுதியில் வேறொரு வங்கியில் முதிர்ந்த எஃப்.டி.யிலிருந்து வந்தது. அந்த வங்கி 2020 ஏப்ரல் 1ஆம் தேதி நடந்த பொதுத்துறை வங்கி இணைப்புகளில் இன்னொரு வங்கியோடு சேர்ந்துவிட்டது. இப்படி இணைந்த வங்கிகளின் பழைய பதிவுகள் புதிய வங்கியிடம்தான் இருக்கும். ஆனால் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மாறியிருக்கும், சில இடங்களில் கணக்கு எண்ணும் மாறியிருக்கும், கிளையே பக்கத்துக் கிளையோடு கலந்திருக்கலாம். அதனால் அங்கே கேட்டது இரண்டு: முதிர்வு நாளில் தொகை எப்படிப் பிரிந்தது என்று காட்டும் முடிப்புச் சீட்டு, பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே கணக்குதான் என்று சொல்லும் ஒரு வரிக் கடிதம். பணத்தின் மூலத்தைத் தேடிக்கொண்டு அதற்கு மேலும் பின்னால் போக வேண்டுமா என்று பெரியம்மாவின் ஆடிட்டரிடம் கேட்டபோது, அந்த ஆண்டே அறிவிப்பில் இல்லாதபோது ஒரு படி பின்னால் போனதே போதும் என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. கேட்காத ஆண்டுகளின் காகிதங்களை அள்ளிப் போட்டால் கேட்காத கேள்விகளும் வரும்.

அந்த முடிப்புச் சீட்டு எதிர்பாராத இன்னொரு விதத்திலும் பயன்பட்டது. தனிநபர்கள் இதர வருமானத்தைச் சேர்ந்த அடிப்படையிலும் காட்டலாம், கைக்கு வந்த அடிப்படையிலும் காட்டலாம். ஆனால் எதைத் தேர்ந்தாலும் தொடர்ந்து அதையே கடைப்பிடிக்க வேண்டும் என்பது 145ஆம் பிரிவின் நிபந்தனை. பெரியம்மா பழைய எஃப்.டி.யின் வட்டியையும் 2020-21 நிதியாண்டில், முதிர்ந்தபோதுதான் மொத்தமாகக் காட்டியிருந்தார். ஆகவே கைக்கு வந்தபோது காட்டுவது அவருடைய வழக்கமான முறை, இந்த அறிவிப்புக்காகச் சொல்லும் சமாதானம் அல்ல என்பதைச் சீட்டும் அந்த ஆண்டின் வரிக் கணக்கும் சேர்ந்து காட்டின. இப்படி ஒரு முன்னுதாரணம் இல்லாதவர்கள், ஓர் ஆண்டு ஒரு முறையிலும் மறு ஆண்டு வேறு முறையிலும் காட்டியவர்கள், இந்த வாதத்தை எடுத்தால் நிற்காது. அவர்கள் விடுபட்ட ஆண்டின் வட்டியை ஒப்புக்கொண்டு, அதே வட்டி பின்னால் மறுபடியும் வரிக்குட்பட்டதைச் சுட்டுவதே நல்லது.

பணத்தைப் பொறுத்தவரை அவருடைய முறை அவருக்கே நஷ்டமானது என்பது சான்றிதழ்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பழைய வரி முறையில் இருந்த மூத்த குடிமக்களுக்கு அந்த ஆண்டுகளில் 80டிடிபி பிரிவின்படி ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை வைப்பு வட்டிக்குக் கழிவு இருந்தது. ஆண்டு வாரியாகக் காட்டியிருந்தால் மூன்று ஆண்டுகளிலும் சேர்ந்து முப்பதாயிரத்துச் சொச்சம்தான் வரிக்குட்பட்டிருக்கும். ஒரே ஆண்டில் மொத்தமாகக் காட்டியதால் ஒரே ஒரு கழிவு போக 1,45,618 ரூபாய் வரிக்குட்பட்டது. இதைப் பதிலில் குறை சொல்லும் தொனியில் எழுதவில்லை. அரசுக்கு வரி இழப்பு எதுவும் நேரவில்லை என்பதற்கான கணக்காக ஒரு பத்தியில் வைத்தோம்.

இவையெல்லாம் ஒரே நாளில் கைக்கு வந்துவிடாது. அறிவிப்பின் கெடுவோ நெருங்கிக்கொண்டிருக்கும். வங்கிக்குத் தந்த கடிதத்தின் நகலில் தேதியோடு கிளை முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதன் பயன் அப்போதுதான் தெரியும். வருமான வரித் தளத்தின் `e-Proceedings` பகுதியில் கூடுதல் அவகாசம் கேட்டபோது, அந்த முத்திரையிட்ட நகலையே காரணத்துக்குச் சான்றாக இணைத்தோம், அவகாசம் கிடைத்தது. வங்கி இழுத்தடித்தால் முதலில் வங்கியின் குறைதீர் அதிகாரிக்கும், 30 நாள்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கும் எழுதலாம் என்பது உண்மைதான். ஆனால் வரி அறிவிப்பின் கெடுவுக்கு அந்த வழி வேகம் போதாது. அதைவிட, பதிலிலேயே வங்கிக்கு எழுதிய தேதியைக் குறிப்பிட்டு, 133(6) பிரிவின்படி வங்கியிடமிருந்து நேரடியாகத் தகவலை வரவழைக்கும்படி அதிகாரியைக் கேட்டுக்கொள்வது நடைமுறைக்கு உகந்தது. அந்த அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் கேட்டால் வங்கி தந்தாக வேண்டும்.

மூன்று அறிவிப்புகளுக்கும் மூன்று தனிப் பதில்கள் போயின. காகிதங்கள் ஒன்றுதான் என்றாலும் ஒவ்வோர் ஆண்டின் நடவடிக்கையும் தனி என்பதால், ஒன்றில் ஏற்றியதை மற்றதில் பார்த்துக்கொள்ளவும் என்று எழுதாமல் ஒவ்வொன்றிலும் முழுத் தொகுப்பையும் ஏற்றினோம். ஒவ்வொரு பதிலின் முதல் பக்கத்திலும் ஒரே அட்டவணையை வைத்தோம்: நிதியாண்டு, சேர்ந்த வட்டி, கைக்கு வந்த வட்டி, வரிக் கணக்கில் காட்டியது, பிடித்த வரி, ஆதாரம் எந்த இணைப்பில் எந்த வரியில் என்பது. 2020-21க்கு 15,000, பிறகு 62,284, 66,106, 52,228; கீழே கூட்டல் 1,95,618. எஃப்.டி. லெட்ஜரில் அந்தந்த வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் எண் போட்டு ஸ்கேன் செய்திருந்தோம். முதல் இரண்டு ஆண்டுகளுக்கும் மறுமதிப்பீட்டு அறிவிப்பு அனுப்ப ஏற்ற நேர்வு அல்ல என்று உத்தரவு வந்தது. மூன்றாவதிலும் தொகையின் மூலம் ஏற்கப்பட்டது.

மிச்சமிருப்பது டி.டி.எஸ். மட்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் பிடித்த சுமார் 12,840 ரூபாயை எந்த ஆண்டின் கணக்கிலும் அவர் கேட்டிருக்கவில்லை. விதி 37பிஏ-இன்படி, வட்டி எந்த ஆண்டில் வரிக்குட்படுகிறதோ அந்த ஆண்டில்தான் அதற்குப் பிடித்த வரிக்கும் வரவு கிடைக்கும். அதாவது அது மதிப்பீட்டு ஆண்டு 2024-25இல் சேர வேண்டியது. திருத்தக் கணக்கு தாக்கல் செய்யும் காலம் கடந்துவிட்டதால், 119(2)(பி) பிரிவின் கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவை ஆடிட்டர் தயாரித்துவருகிறார். வங்கியிடம் கேட்டு வாங்கிய படிவம் 16ஏ சான்றிதழ்கள் எட்டும் இப்போது அவருடைய கோப்பில் இருக்கின்றன.